தம் கட்டித் தூக்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தோளில் கனமான பார்பெல்லை ஏற்றிக்கொண்டு ஸ்குவாட் செய்ய உட்காருபவருக்குத் தம் கட்ட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தொண்டை தானே அடைத்துக்கொள்ளும், வயிறு இறுகும். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடையில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், சிறிது நேரமாவது மூச்சு நிற்பதைத் தவிர்ப்பது கடினம். இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ வல்சால்வாவின் பெயரால் மருத்துவர்கள் இதை 'வல்சால்வா' என்கிறார்கள்.

இதில் நன்மை உண்டு. குரல்வளை மூடியிருக்க, உதரவிதானம் மேலிருந்தும் வயிற்றுத் தசைகள் முன்னும் பக்கமும் இருந்தும் அழுத்தும்போது, நடு உடல் மூடியிட்ட தண்ணீர் பாட்டிலைப் போல விறைத்து நிற்கிறது. இடுப்பருகே முதுகெலும்பு வளையாமல் இருக்க இந்த விறைப்பு உதவுகிறது. கனமான ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் அடிப்பகுதியில் இருக்கும்போதே காற்றை முழுக்க விட்டுவிட்டால் முதுகு கூன் போடுவது இதனால்தான்.

ஆனால் அதே அழுத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் ஏறுகிறது. இதயமும் பெருந்தமனியும் அதற்குள்தான் இருக்கின்றன. எனவே நெஞ்சில் ஏறிய அழுத்தம் அப்படியே இரத்த அழுத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. இறுகிய தொடைத் தசைகள் தங்களுக்குள் ஓடும் இரத்தக் குழாய்களை நெரிப்பதால் அது இன்னும் கூடுகிறது. கையில் பட்டை சுற்றி அளக்கும் வழக்கமான கருவியால் இந்த நொடிநேர ஏற்றத்தைப் பிடிக்க முடியாது. 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடற்கட்டு வீரர்கள் ஐவரின் கைத்தமனிக்குள் குழாய் செலுத்தி அளந்தார்கள். இரு கால்களாலும் எடையை உந்தும் லெக் பிரஸ்ஸில் சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. ஓய்வில் 120/80 என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு.

இன்னும் பயனுள்ள ஒப்பீடு 1995-இல் வந்தது. அதே லெக் பிரஸ்ஸை, அதே உச்ச எடையில், தம் கட்டிச் செய்தபோது சராசரி 311/284. மெல்ல மூச்சை விட்டபடி செய்தபோது 198/175. எடை மாறவில்லை, மூச்சு மட்டுமே மாறியது.

ஏறியது அப்படியே நிற்பதுமில்லை. நெஞ்சழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்படும். சில நொடிகள் தம்மை நீட்டித்தால் இரத்த அழுத்தம் சரியத் தொடங்கும், விட்ட கணத்தில் இன்னும் சரியும். கண் இருட்டுவதும், பளுதூக்கும் வீரர் பாரைத் தோளில் வாங்கி எழுந்து நின்றதும் மயங்கி விழுவதும் இந்த இறக்கத்தால்தான். ஏற்றத்தை மட்டும் பேசி இறக்கத்தை மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து.

ஆரோக்கியமானவருக்குத் தம் கட்டுவது விஷமல்ல. மண்டைக்குள் இருக்கும் அழுத்தமும் கூடவே ஏறுவதால், மூளை இரத்தக் குழாய்களின் சுவர் தாங்க வேண்டிய சுமை ஓரளவு குறைகிறது. எவ்வளவு நேரம், எந்த எடைக்கு என்பதே கேள்வி.

ஸ்குவாட்டில் உச்சம் 120 கிலோ உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 105 கிலோவை மூன்று முறை செய்யும் நாளில், நின்ற நிலையில் வயிறு விரியும்படி மூச்சை இழுத்து, அடக்கி, கீழே போய் எழ வேண்டும். எழும்போது எடை மிகவும் சிரமம் தரும் இடத்தைத் தாண்டியதும் உதடுகளைக் குவித்துக் காற்றை 'ஸ்ஸ்' என்று விடலாம். மேலே வந்து நின்று புது மூச்சு எடுத்த பிறகே அடுத்த முறை. மூன்று முறைக்கும் ஒரே தம் என்பதுதான் தவறு. அவரே 70 கிலோவைப் பன்னிரண்டு முறை செய்கிறார் என்றால் தம் கட்டத் தேவையே இல்லை. இறங்கும்போது இழுத்து, எழும்போது விட்டால் போதும். எழும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குரல் வந்தால் தொண்டை திறந்திருக்கிறது. கடைசி இரண்டு மூன்று முறைகளில் குரல் வராமல் முகம் சிவந்தால், எடை குறைவாக இருந்தாலும் தம் கட்டத் தொடங்கிவிட்டீர்கள்.

உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தமனி வீக்கம், குடலிறக்கம், கிளாக்கோமா உள்ளவர்களும், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர்களும் தம் கட்டும் அளவு எடைக்கே போகக் கூடாது. மூச்சை விட்டபடி தூக்க முடிகிற எடையே அவர்களின் எல்லை, அதையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். ஜிம்முக்கே போகாவிட்டாலும் இது பொருந்தும். வீட்டில் நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. பிபி மாத்திரை சாப்பிடும் பெரியவர் அதைத் தம் பிடித்துத் தூக்க வேண்டாம், இன்னொருவரைக் கூப்பிடட்டும்.

எடை தூக்கும்போது திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, பார்வையில் கரும்புள்ளி படிந்து போகாமல் நின்றாலோ, நெஞ்சு வலித்தாலோ, எடையை இறக்கி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.