விரல் மடங்குவது எதன் அறிகுறி?

எறிகணைச் சிதறல் பட்டவர்களோடு பேசும்போது ஒரு கேள்வியை அடிக்கடி கேட்டிருக்கிறேன்: "காயம் முழங்கையில், விரல் ஏன் மடங்கிப் போனது?" மோதிர விரலும் சின்னவிரலும் மட்டும் மடங்கியிருந்தால், பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருப்பது அல்னார் நரம்பு. முழங்கையின் உட்பக்கம் இடிபட்டால் சின்னவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் இருக்குமே, அந்த நரம்புதான்.

முழங்கையைத் தாண்டியதும், இவ்விரு விரல்களின் நுனியை மடக்கும் நீண்ட தசைக்கு அது கிளை கொடுக்கிறது. பின்பு மணிக்கட்டைக் கடந்து உள்ளங்கையின் சிறு தசைகளை இயக்குகிறது. விரலை அடிமூட்டில் மடக்கி, மற்ற மூட்டுகளில் நிமிர்த்துவது இந்தச் சிறு தசைகளே.

மணிக்கட்டில் நரம்பு அறுந்தால் சிறு தசைகள் மட்டும் செயலிழக்கும். மேலே உள்ள நீண்ட தசை வழமைபோல இழுக்கும். எனவே அடிமூட்டு பின்னால் வளைய, விரல் நுனி உள்ளே மடங்கி, கை நகம்போலத் தெரியும். முழங்கையில் அறுந்தால் நீண்ட தசையும் செயலிழப்பதால் இழுக்க ஆளில்லை. விரல் அவ்வளவாக மடங்காது. இழப்பு பெரிது, கோணலோ குறைவு.

இது தெரியாததால் வந்த இழப்பை முல்லைத்தீவில் ஒருவர் சொன்னார். 2009இல் முழங்கையில் காயம். நரம்பைத் தைத்தார்கள். சில மாதங்களில் விரல்கள் முன்பைவிட அதிகமாக மடங்கத் தொடங்கின. கை கெட்டுவிட்டதென்று நினைத்து, பயிற்சியையும் கிளினிக் போவதையும் நிறுத்திவிட்டார். மூட்டுகள் இறுகிப் போயின.

தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். நீண்ட தசை முழங்கைக்கு அருகில் இருப்பதால் அதற்கு முதலில் உயிர் வரும். உள்ளங்கைக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். அதாவது பத்து மாதங்கள். இடைப்பட்ட காலத்தில் இழுக்கும் தசை உண்டு, நிமிர்த்தும் தசை இல்லை. அதனால் அந்த மடங்கல், நரம்பு வளர்வதன் அடையாளமாக இருக்கலாம்.

சின்னவிரலின் நடுப்பகுதியை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்கள். முன்பு அசையாத நுனி இப்போது அசைந்தால் தசை மீண்டிருக்கிறது. ஆனால் மற்றக் கையால் மெதுவாக நிமிர்த்தியும் விரல் நிமிராவிட்டால் மூட்டு இறுகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இயன்மருத்துவரிடம் போக வேண்டும். அடிமூட்டு பின்னால் வளையாமல் தடுக்கும் பட்டியும் அவர்கள் தருவார்கள்.

ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் நரம்பு எட்டாவிட்டால் தசை மீளாது. அதன் பின்பும், மூட்டுகள் இளக்கமாக இருந்தால், வேறு தசைநாணை மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு இடமுண்டு. அதற்காகவும் விரல்களைத் தினமும் நிமிர்த்தி வைக்க வேண்டும்.