கூலிப் பற்றில் பிடித்த வரியும் வரவு அறிக்கையும்

வணிக நிறுவனம் தரும் நூலைக் கொண்டு துணி நெய்து கொடுக்கும் நமது சங்கங்கள், சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தக்காரர்களேயாவர். 2024-25ஆம் நிதியாண்டில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194-சி பிரிவின்படி, சங்கத்தின் கூலியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வரியாகப் பிடிக்கப்பட்டது. சொந்த நூலில் நெய்து விற்பது விற்பனை. அதற்கு இப்பிரிவு பொருந்தாது. குடிசைத் தொழிலுக்கான கழிவைப் பெறுவதால் வரியே செலுத்த வேண்டாத சங்கத்துக்கு, பிடித்த தொகை முழுவதும் திரும்பி வரவேண்டிய பணமாகும். ஆனால் 26ஏஎஸ் எனும் வரி வரவு அறிக்கையில் காணாத தொகையைத் திரும்பப் பெறுவது அரிது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சங்கம் அவ்வாண்டில் ஒரே நிறுவனத்துக்கு மூன்று கூலிப் பட்டியல்கள் அனுப்பியது: டிசம்பரில் ரூ. 1,50,000, பிப்ரவரியில் ரூ. 2,00,000, மார்ச் 28இல் ரூ. 1,20,000. பிடித்தம் முறையே ரூ. 3,000, ரூ. 4,000, ரூ. 2,400. சங்கப் பேரேட்டில் மொத்தம் ரூ. 7,000, அறிக்கையில் ரூ. 5,400. வித்தியாசம் ரூ. 1,600 என்று எண்ணி அத்தொகையைத் தேடினால் எங்கும் கிடைக்காது. மொத்தத்தோடு மொத்தத்தை ஒப்பிடுவது பயனற்ற வேலை. நிறுவனத்திடம் நம் கணக்கின் பேரேட்டு நகலைப் பெற்று, மூன்றையும் பட்டியல்வாரியாக எதிரெதிரே வைத்தல் வேண்டும்.

அவ்வாறு வைத்தபோது இரு பிழைகள் புலப்பட்டன. மார்ச் பட்டியலின் பணம் ஏப்ரலில் வந்ததால், சங்கக் கணக்கர் பிடித்தத்தை அடுத்த ஆண்டில் எழுதிவிட்டார். நிறுவனமோ பட்டியலை மார்ச்சிலேயே நம் பெயரில் வரவு வைத்தது; வரவு, பணம் இரண்டில் எது முந்தியதோ அன்றே பிடிக்க வேண்டுமென்பது விதி. ஆகவே இந்த ரூ. 2,400ஐச் சங்கமே திருத்தி, கூலி வருமானத்தை எழுதிய அதே ஆண்டில் ‘வரவேண்டிய வரி’யாக வைக்க வேண்டும்.

பிப்ரவரியின் ரூ. 4,000 வேறு வகை. நிறுவனப் பேரேட்டில் பிடித்தம் உண்டு, செலானும் உண்டு. அறிக்கையில் வரியே இல்லை. தொகை தோன்றி, நிலை என்னுமிடத்தில் F-க்குப் பதில் U என்றிருந்தால், பணம் கட்டப்படவில்லை அல்லது செலான் விவரம் பொருந்தவில்லை எனக் கொள்ளலாம். அடியோடு தோன்றாவிடில், நிறுவனம் தன் காலாண்டு விவரத்தில் நம்மைச் சேர்க்காமல் விட்டிருக்கும், அல்லது நமது பான் எண்ணுக்குப் பதில் வேறொன்றை எழுதியிருக்கும். இங்கே நேர்ந்தது பின்னதே. இதைத் திருத்த வருமான வரி அலுவலகத்துக்குச் சங்கம் எழுதுவதால் பயனில்லை. பிடித்தவரே திருத்த விவரம் தாக்கல் செய்ய வேண்டும். பட்டியல் எண், தேதி, தொகை, நம் பான் எண் ஆகியவற்றைக் குறித்துக் கடிதம் எழுதினால் அவர்கள் வேலை எளிதாகும்.

அவசரப்பட்டுக் கடிதம் எழுதுவதும் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டு விவரத்துக்கு 2025 மே 31 வரை தவணை இருந்தது. ஏப்ரலில் அறிக்கையைப் பார்த்துவிட்டு நிறுவனத்தோடு சச்சரவிட்ட சங்கங்களும் உண்டு. ஜூன் நடுவில் பார்த்து, கணக்குத் தாக்கலுக்கு முன் திருத்தம் ஏறிவிட்டதா என்று மறுமுறையும் பார்த்தல் வேண்டும்.