கடைமடைக்குத் தண்ணீர் எட்டாதபோது

2012ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி. நியூயார்க்கில் ஒரு பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் கீழே விழுந்தான். கையில் சிராய்ப்பு. பள்ளியில் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். அடுத்து வந்தவை காய்ச்சல், வாந்தி, காலில் கடும் வலி. வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்றார் குழந்தை மருத்துவர். மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் சலைன் ஏற்றி, வாந்திக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி அவன் இறந்துபோனான். அவன் ரத்தத்தில் பரவியிருந்தது குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தொண்டை வலியோடு பள்ளிப் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் கிருமிதான் அது.

வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திட்டுவது எளிது. ஆனால் இதே புகாரோடு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு நாளில் எழுந்து ஓடுகிறார்கள் என்பதும் உண்மை. சிக்கலே அங்குதான் இருக்கிறது. கைச் சிராய்ப்பு, கால்வலி, வாந்தி என்று மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அவற்றை ஒரே நூலில் கோக்கும் பெயர்தான் செப்சிஸ்.

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். 2016இல் உலக நிபுணர்கள் வகுத்த விளக்கம் வேறு: தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை. ரத்தத்தில் கிருமி ஒன்றுகூட அகப்படாமலேயே செப்சிஸ் வருவது சாதாரணம்.

முள் குத்திய விரலைப் பாருங்கள். சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். அங்கே காவலிருக்கும் வெள்ளணுக்கள் கிருமியை அடையாளம் கண்டதும் சில வேதிப் பொருள்களை வெளியிடும். அதனால் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் விரியும், அவற்றின் சுவர் சற்றே கசியத் தொடங்கும். அந்தக் கசிவின் வழியேதான் மற்ற வெள்ளணுக்கள் புண்ணுக்குள் நுழைகின்றன. கிருமி பரவாதிருக்க நுண்குழாய்களில் ரத்தம் உறைவதும் உண்டு. ஒரு விரலுக்குள் நடக்கும்வரை இது அத்தனையும் நல்ல வேலை.

ஏரியில் ஒரு மடையைத் திறந்தால் ஒரு வயல் நனையும். எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, வாய்க்கால் கரைகளும் ஓட்டையாகிவிட்டால்? தண்ணீர் மட்டம் சரியும், கடைமடை காயும். செப்சிஸில் உடலெங்கும் குழாய்கள் விரிந்து, திரவம் கசிந்து வெளியேற, பிரஷர் இறங்குகிறது. நுண்குழாய்களில் உறைகட்டிகள் வேறு அடைத்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, வந்து சேரும் ஆக்சிஜனைக்கூட செல்கள் சரியாகப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன.

எனவே கடைமடையைப் பார்த்தால் நோய் தெரியும். முழங்காலைச் சுற்றித் தோல் திட்டுத்திட்டாகக் கறுத்து, பளிங்குக்கல் போலத் தெரிவது ஒன்று. சிறுநீர் குறைவது இன்னொன்று. மூளைக்கு ரத்தம் போதாதபோது நோயாளி குழறுவார், அல்லது கூப்பிட்டால் மந்தமாகத் திரும்புவார். மூச்சு வேகமெடுக்கும். விரல் நுனியைச் சில விநாடி அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சட்டென்று சிவக்க வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் ஆனால் சந்தேகம்தான். செலவில்லாத சோதனை இது, ஆனால் செய்பவர்கள் குறைவு. காய்ச்சலை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு: முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் உடல் குளிர்ந்தும் போகலாம். பிரஷரும் ஏமாற்றும். குழந்தைகளின் இதயம் வேகமாக அடித்தே கடைசிவரை பிரஷரைத் தாங்கிப் பிடித்துவிட்டு, பிறகு திடீரென்று கைவிடும்.

முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வார்கள்? 60 கிலோ எடையுள்ள, சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். இரண்டு நாளாகச் சிறுநீர் எரிச்சல், விலாவில் வலி. இன்று காலை மகனின் பெயரையே மாற்றிச் சொல்கிறார். பிரஷர் 84/46. உறுப்புகளுக்குக் கிடைக்கும் சராசரி அழுத்தமாகக் கணக்கிட்டால் சுமார் 59. அது 65க்குக் குறையக் கூடாது.

முதலில் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கிறார்கள், இரண்டு இடங்களிலிருந்து. ஆன்டிபயாட்டிக் ஏறிவிட்டால் பாட்டிலில் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்பது பிறகு தெரியாது. அதற்காக ரத்தம் கிடைக்கவில்லை என்று மருந்தையே தள்ளிப்போடுவதும் தவறு. இவரைப் போல பிரஷர் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். கூடவே லாக்டேட் பார்க்கிறார்கள். செல்கள் நெருக்கடியில் இருக்கும்போது ரத்தத்தில் ஏறும் பொருள் அது. 2க்கு மேல் போனால் எச்சரிக்கை, 4ஐத் தொட்டால் நிலைமை மோசம்.

வடிந்த ஏரியில் தண்ணீர் விடுவது அடுத்த வேலை. கிலோவுக்கு 30 மில்லி என்ற கணக்கில் இவருக்கு முதல் மூன்று மணி நேரத்தில் 1,800 மில்லி. மொத்தமாகக் கொட்டுவதில்லை. 500 மில்லி போனதும் நாடி, மூச்சு, நுரையீரல் ஒலி எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். கரை ஓட்டையான வாய்க்காலில் விடும் நீர் நுரையீரலிலும் தேங்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், வேகமாகச் சலைன் ஏற்றப்பட்ட குழந்தைகளே அதிகம் இறந்தார்கள். மருத்துவ உலகம் அதிர்ந்துபோன முடிவு அது. ஆகவே திரவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறாவிட்டால் மேலும் மேலும் பாட்டில் தொங்கவிடாமல், விரிந்த குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலினைத் தொடங்குவார்கள். ஐசியூ படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கையில் உள்ள நரம்பிலேயே ஆரம்பிக்கலாம்.

இத்தனை செய்தும் அவர் தேறாமல் போகக்கூடும். ஸ்கேனில் சிறுநீர்க் குழாயை ஒரு கல் அடைத்து, மேலே சீழ் தேங்கியிருப்பது தெரிந்தால், எந்த ஆன்டிபயாட்டிக்கும் தனியாக அதை வெல்லாது. அன்றைக்கே குழாய் வைத்து அதை வடித்தாக வேண்டும். தொற்றின் ஊற்றை அடைப்பதைச் சிலர் கடைசியில் நினைக்கிறார்கள், நினைக்கவேண்டியது முதலில்.

ரோரியின் பெற்றோர் போராடி, 2013இல் நியூயார்க் மாநிலம் தன் மருத்துவமனைகள் எல்லாம் செப்சிஸ் நெறிமுறை வைத்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதனால் ஒரு பெரிய ஆய்வும் சாத்தியமானது: 149 மருத்துவமனைகள், 49,331 நோயாளிகள். கல்ச்சர், லாக்டேட், ஆன்டிபயாட்டிக் மூன்றையும் முடிக்க ஒவ்வொரு மணி நேரம் தாமதமானபோதும் மரண வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடியதாக 2017இல் தெரியவந்தது. சலைனை முடித்த வேகத்துக்கு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஆனால் காய்ச்சலோடு வந்த எல்லோருக்கும் பலமான ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிடலாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. பிரஷர் நன்றாக இருந்து, செப்சிஸ்தானா என்ற சந்தேகம் மட்டும் இருந்தால், விரைவாகப் பரிசோதித்து முடிவெடுக்க மூன்று மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 2021இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது.

ரோரியின் ரத்தப் பரிசோதனை முடிவு, அவன் வீட்டுக்குப் போனபிறகுதான் வந்தது. வெள்ளணுக்கள் கூடியிருந்தன. அவற்றில் முதிராத அணுக்களும் ஏராளம்: கையிருப்பு போதாமல் எலும்பு மஜ்ஜை, பழகாத சிப்பாய்களையும் போருக்கு அனுப்பத் தொடங்கியதன் அடையாளம். அந்தத் தாள் பெற்றோர் கைக்கு வரவில்லை. குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் முக்கியப் பரிசோதனை முடிவுகளைப் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும் என்பதும் இப்போது நியூயார்க் விதிகளில் இருக்கிறது.