யூராலஜிஸ்ட் கையில் தரும் அந்த ஐந்து கேள்வித் தாள்

எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, யூராலஜிஸ்ட் கிடையாது. சிறுநீர் சம்பந்தமாகவோ ஆண்குறி சம்பந்தமாகவோ ஒரு பிரச்சினை என்றால் பெரம்பலூர் போகணும், இல்லேன்னா திருச்சி. பஸ் ஏறுவது பெரிய விஷயமில்லை. உள்ளே போய் டாக்டர் முன்னாடி உட்கார்ந்து என்ன சொல்றது என்பதுதான் பெரிய விஷயம். அதனாலேயே பலர் முதலில் போவது பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒருநாள் வந்து பார்க்கும் வைத்தியரிடம். அங்கே எந்தக் கேள்வியும் இல்லை. லேகிய டப்பாவோடு வெளியே வந்துடலாம்.

யூராலஜிஸ்ட் அறையில் நேர் எதிர். கேள்விதான் அதிகம், மருந்து கடைசியில்தான். அந்தக் கேள்விகள் எதற்கு, பரிசோதனையில் என்ன நடக்கும், கையில் தரும் விறைப்புக் கேள்வித்தாளில் மார்க் எப்படி விழுகிறது, அது எங்கே தப்பாகக் காட்டும் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதுகிறேன்.

முதலில் பேச்சு

நம்ம ஊரில் இந்தப் பிரச்சினைக்கு ஒரே பெயர், "நரம்புத் தளர்ச்சி". டாக்டருக்கு அந்த வார்த்தை போதாது. விறைப்பே வரலையா, வந்து பாதியில் இறங்கிடுதா, சீக்கிரம் விந்து வந்துடுதா, ஆசையே இல்லையா, ராத்திரி தூக்கத்தில் விந்து போவதை நினைத்து பயமா? இந்த ஐந்தையும் நம்ம ஆட்கள் அதே பெயரில்தான் சொல்வார்கள். ஐந்துக்கும் வைத்தியம் வேறு வேறு. கடைசியாகச் சொன்னது நோயே இல்லை, வைத்தியமும் தேவையில்லை. அதனால் நோயின் பெயரைச் சொல்லாமல் நடப்பதைச் சொல்லுங்கள். "விறைப்பு வருது டாக்டர், ரெண்டு நிமிஷத்துல போயிடுது" என்றாலே போதும்.

அடுத்து இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். ஒன்று, இது திடீர்னு ஆரம்பிச்சதா, மெல்ல மெல்ல வந்ததா. இரண்டு, காலையில் எழும்போது விறைப்பு இருக்கா. இருபத்தெட்டு வயதுக்காரர், கல்யாணம் ஆன முதல் வாரத்தில் ஆரம்பிச்சது, விடிகாலையில் நல்லா விறைப்பு வருது என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் வேலை செய்கிறது என்று அர்த்தம். பதற்றத்தின் பக்கம்தான் டாக்டர் பார்ப்பார். ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு மூணு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, காலை விறைப்பும் நின்னுபோச்சு என்றால் சந்தேகம் ரத்தக் குழாய் மேலே போகும்.

அப்புறம் சுகர், பிரஷர், பீடி, சிகரெட், குடி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். பிரஷர் மாத்திரைகளில் சில விறைப்பைக் குறைக்கும். அதுக்காக நீங்களே நிறுத்திடக் கூடாது, மாத்துவது டாக்டர் வேலை. மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. லேகியம் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்க.

நடந்தால் மூச்சு வாங்குதா, நெஞ்சு இறுக்குதா என்றும் கேட்பார். "நான் வந்தது இதுக்கு, இவர் நெஞ்சைப் பத்திக் கேட்கிறாரே" என்று தோணும். ஆண்குறிக்குப் போகும் ரத்தக் குழாயின் விட்டம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போகும் குழாய் மூணு, நாலு மில்லிமீட்டர். உடம்பு முழுக்கக் குழாய்களில் கொழுப்பு படிய ஆரம்பித்தால் எது முதலில் அடைபடும்? சின்னதுதான். அதனால் சிலருக்கு நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு, மூணு வருஷம் முன்னாடியே விறைப்பு குறையத் தொடங்குகிறது. லேகிய டப்பா மறைத்துவிடுவது இந்த எச்சரிக்கையைத்தான்.

பரிசோதனை

கூட்டமான ஓ.பி.யில் கதவு திறந்தே இருக்கும். "தனியா காட்டணும் சார்" என்று கேட்பதில் தப்பில்லை, திரை இழுத்து விடுவார்கள். பி.பி. பார்ப்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். பிறகு கீழாடையை இறக்கச் சொல்வார்கள். முன்தோலைப் பின்னால் தள்ளிப் பார்ப்பார். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அங்கே வெடிப்பும் புண்ணும் இறுக்கமும் இருக்கும். அந்த வலியே சில சமயம் விறைப்பைக் கெடுத்துவிடும். தண்டின் நெடுகத் தொட்டுப் பார்ப்பது உள்ளே கட்டியான தழும்பு இருக்கா என்று அறிய. குறி வளைவது அதனால்தான். விதைகளின் அளவும் உறுதியும் பார்ப்பார். சின்னதாக, தொளதொளன்னு இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கலாம். நிற்க வைத்து இருமச் சொன்னால் அது குடலிறக்கமும் விதைப்பையில் நரம்புச் சுருட்டலும் பார்ப்பதற்கு.

ஆசனவாய் வழியே விரல் விடும் பரிசோதனை எல்லோருக்கும் கிடையாது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலோ, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன், சிறுநீர் சொட்டு சொட்டாக வருது என்று சொன்னாலோ செய்வார்கள். உறை மாட்டி, ஜெல் தடவி, ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வலிக்காது, கூச்சமாக இருக்கும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்தால் கட்டைவிரல் அடியில் சதை திரளும் இல்லையா, புராஸ்டேட் அந்த மாதிரி இருக்கணும். விரல் முட்டி மாதிரிக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் மேற்கொண்டு பார்க்கணும்.

சிறுநீர்ப் பிரச்சினையும் இருந்தால், ஒரு மெஷினில் சிறுநீர் கழிக்கச் சொல்லி வேகத்தை அளப்பார்கள். அதனால் முதல் தடவை போகும்போது வாசலில் இறங்கியதும் பாத்ரூமுக்கு ஓடாதீங்க.

தாளும் மார்க்கும்

இப்போது அந்தக் கேள்வித்தாள். முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் "விறைப்புச் செயல்பாட்டுக்கான சர்வதேசக் குறியீடு". 1997-இல் 15 கேள்விகளோடு வெளிவந்தது. வயாகரா என்று நாம் அறியும் சில்டெனாஃபில் மாத்திரை வேலை செய்கிறதா என்று ஆய்வில் அளக்க ஒரு அளவுகோல் தேவைப்பட்ட காலம் அது. 1999-இல் அதை ஐந்து கேள்வியாகச் சுருக்கினார்கள். ஓ.பி.யில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சுருக்கம். சில இடங்களில் தாள் தராமல் டாக்டரே வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்.

கேள்விகள் கடந்த ஆறு மாதத்தைப் பற்றியவை. விறைப்பு வந்து நிற்கும் என்று எவ்வளவு நம்பிக்கை? வந்த விறைப்பு உள்ளே நுழையும் அளவுக்கு எத்தனை தடவை இருந்தது? நுழைந்த பிறகு எத்தனை தடவை நின்றது? கடைசிவரை நிறுத்துவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது? எத்தனை தடவை திருப்தியாக இருந்தது? ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5, மொத்தம் 25. 22-ம் அதற்கு மேலேயும் என்றால் குறைபாடு இல்லை. 17 முதல் 21 வரை லேசானது. 12 முதல் 16 வரை லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில். 8 முதல் 11 வரை நடுத்தரம். 7-ம் அதற்குக் கீழேயும் தீவிரம்.

கணக்குக்காக ஒருத்தரைக் கற்பனை செய்துகொள்வோம். எறையூர் பக்கம் கரும்பு போட்டிருக்கும் 49 வயதுக்காரர், ஆறு வருஷமாக சுகர். நம்பிக்கை 3, நுழையும் அளவு 2, நிற்பது 2, கடைசிவரை 2, திருப்தி 3 என்று போடுகிறார். மொத்தம் 12. இந்த எண் காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேடத்தான் வெறும் வயிற்று சுகர், மூணு மாத சராசரி சுகர், கொழுப்பு, காலை 11 மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் என்று ரத்தப் பரிசோதனை எழுதித் தருகிறார்கள். காலையில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அந்த ஹார்மோன் மத்தியானத்துக்கு மேல் தானாகவே இறங்கும். சாயங்காலம் எடுத்தால் இல்லாத குறை இருப்பதாகத் தெரியும். 12 என்ற எண்ணின் உபயோகம் பிறகுதான். சுகரைக் கட்டுப்படுத்தி, மாத்திரையும் எடுத்து, மூணு மாதம் கழித்து அதே தாளில் 19 வந்தால் வைத்தியம் வேலை செய்கிறது. 12-லேயே நின்றால் வழியை மாற்றணும்.

தாள் தப்புவது எங்கே? நம்பிக்கை தவிர மற்ற நாலு கேள்விக்கும் "முயற்சி செய்யவில்லை" அல்லது "வாய்ப்பு இல்லை" என்றொரு பதில் உண்டு. அதுக்கு மார்க் பூஜ்யம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர் இல்லாத தெரு குறைவு. ஒருத்தர் ரெண்டு வருஷம் கழித்து லீவில் வந்து, சிறுநீரகக் கல்லுக்காக டாக்டரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்பிக்கைக்கு 4 போடுகிறார். மனைவி ஊரில், அவர் துபாயில், ஆறு மாதமாக உறவே இல்லை. மற்ற நாலும் பூஜ்யம். மொத்தம் 4. எழுதியபடி படித்தால் தீவிரக் குறைபாடு. உண்மையில் அவருக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். மனைவியை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், கல்யாணம் ஆகாதவர் எல்லோருக்கும் இதே கதைதான். அவர்கள் மார்க்கைக் கூட்டாமல் "வாய்ப்பு இல்லை" என்று வாயால் சொல்லிவிடணும். அவர்களிடம் டாக்டருக்கு உதவுவது காலை விறைப்பு பற்றிய கேள்விதான்.

இன்னொரு குறை, தாள் விறைப்பை மட்டுமே அளக்கும். சீக்கிரம் விந்து வருபவருக்கு 23 வரலாம். அவர் "நான் பாஸ்" என்று எழுந்து வந்துவிடக் கூடாது. வந்த காரணத்தைச் சொல்லணும். மூணாவது, கூட வந்த மைத்துனரோ பக்கத்து சீட்காரரோ பார்க்கிற மாதிரி நிரப்பினால் எல்லாரும் 5-தான் போடுவார்கள். தனியாக வாங்கி நிரப்புங்கள். எழுத்து புரியவில்லை என்றால் டாக்டரையே கேட்கச் சொல்லுங்கள்.

மாத்திரை எழுதும் முன்

கடைசியாக ஒரு கேள்வி வரும். "நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது வச்சிருக்கீங்களா?" சார்பிட்ரேட் மாதிரி நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரைகளைத்தான் கேட்கிறார். அதுவும் சில்டெனாஃபிலும் உடம்பில் ஒன்றுசேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென விழும், உயிர் போகலாம். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கினால் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருக்காது. வாங்கிச் சாப்பிட்ட பிறகு நெஞ்சுவலி வந்தால், ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியதும் இதைத்தான். கூச்சப்பட்டு மறைத்தால் அங்கே வழக்கம்போல சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்துவிடுவார்கள்.