ஸ்லைடு பல, கேப்ஷன் ஒன்று

இன்ஸ்டாகிராமில் ஒரே போஸ்டுக்குள் பல படங்களை வரிசையாக வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கச் செய்யும் அமைப்புக்குக் கரோசல் என்று பெயர். 2017-இல் இந்த வசதி வந்தபோது ஒரு போஸ்டில் 10 படங்கள் வரை போட முடிந்தது. 2024-இல் அந்த எண்ணிக்கை 20 ஆனது. பொருள் விற்பவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். முன்பு ஒரே படத்தில் அம்சங்களையெல்லாம் பொடி எழுத்தில் நெருக்கிப் போட்டவர்கள், இப்போது அம்சத்துக்கு ஒரு ஸ்லைடு என்று பிரித்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் ஸ்லைடு எத்தனை இருந்தாலும் அவற்றுக்குக் கீழே வரும் கேப்ஷன் ஒன்றுதான். நான்காவது படத்துக்குத் தனியாக ஒன்று, ஐந்தாவதுக்குத் தனியாக ஒன்று என்று எழுத இடமில்லை. அந்த ஒரே கேப்ஷனிலும் ஃபீடில் முதல் ஓரிரு வரிகள்தான் தெரியும். மீதியைப் பார்க்க `more` என்பதைத் தொட வேண்டும். தொட்டால் கேப்ஷன் விரியும், நீளமாக இருந்தால் படிக்கப் படிக்கப் படம் திரைக்கு மேலே போய்விடும். அதாவது நான்காவது ஸ்லைடைப் பார்ப்பவர் அதைப் பற்றிய வரியை அதே நேரத்தில் படிப்பார் என்று நம்பி எழுத முடியாது. கரோசல் கேப்ஷன் எழுதுவதில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எனவே எழுத்து இரண்டாகப் பிரிகிறது. படத்தின் மேலேயே பதியும் வரி ஒன்று, கீழே வரும் கேப்ஷன் மற்றொன்று. கண் முன்னால் இருப்பது என்ன என்பதைப் படத்தின் மேல் உள்ள வரி சொல்கிறது. அதில் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வைத்தால் போன் திரையில் யாரும் படிப்பதில்லை. படத்தில் காட்ட முடியாததைச் சொல்வது கேப்ஷனின் வேலை: அளவு, நிபந்தனை, காரணம், விலை. படத்தில் உள்ளதையே கேப்ஷனிலும் எழுதுவது பரவலாக நடக்கும் வீண் வேலை.

ஒரு சிறு நிறுவனம் டேபிள்டாப் கிரைண்டர் விற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2 லிட்டர், டிரம் சாயும் வகை, 150 வாட் மோட்டார். அதன் கரோசலுக்கு வழக்கமாக எழுதப்படும் கேப்ஷன் இப்படி இருக்கும்: “2 லிட்டர் கொள்ளளவு. 150 வாட் மோட்டார். உறுதியான கருங்கல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம். இன்றே ஆர்டர் செய்யுங்கள்!” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது அட்டைப்பெட்டியின் மேல் அச்சாகும் பட்டியல். எந்த வரி எந்தப் படத்துக்கு என்று தெரியாது, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகக் காரணமும் கிடையாது. நான்கு வரிகளையும் இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் குறையாது. கரோசலில் அப்படி மாற்ற முடிந்தால், அங்கே வரிசை என்ற ஒன்றே அமையவில்லை என்று பொருள்.

வரிசை என்பது வாங்குபவரின் மனதில் எழும் கேள்விகளின் வரிசை. மாவு அரைப்பதில் கையை ஒடிக்கும் கட்டம் அரைத்து முடித்த பிறகு வருகிறது. கல்லோடும் மாவோடும் டிரம்மைத் தூக்கிச் சாய்த்து வழிக்க வேண்டும். ஆகவே முதல் ஸ்லைடில் நிறுவனத்தின் லோகோவுக்கு இடமில்லை. “மாவை வழிக்க டிரம்மைத் தூக்க வேண்டாம்” என்ற ஒரு வரி போதும். அதைப் படித்தவர் உடனே கேட்பது “எப்படி?” என்பது. இரண்டாவது ஸ்லைடு அதற்கு விடை: கைப்பிடியை இழுத்ததும் டிரம் சாய்ந்து மாவு பாத்திரத்தில் விழும் படம். சாய்கிறது என்றால் சின்ன கிரைண்டராக இருக்குமோ என்ற சந்தேகம் அடுத்து வரும், மூன்றாவது ஸ்லைடு அளவைச் சொல்கிறது. நான்காவது கல்லைக் காட்டுகிறது, ஐந்தாவது மின்சாரச் செலவு, ஆறாவது புதுக் கல்லை எப்படிப் பழக்குவது, ஏழாவது விலையும் வாரண்டியும் ஆர்டர் செய்யும் வழியும்.

இரண்டாவது ஸ்லைடை மட்டும் கூடுதல் கவனத்தோடு எழுத வேண்டும். முதல் படத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே போஸ்டை மறுபடி காட்டும்போது இரண்டாவது படத்திலிருந்து காட்டுவது உண்டு. அப்போது அவர் பார்க்கும் முதல் படமே அதுதான். “அது மட்டுமல்ல!” என்று தொடங்கும் ஸ்லைடு அங்கே அந்தரத்தில் தொங்கும். “கைப்பிடியை இழுத்தால் போதும், டிரம் தானே சாயும்” என்று எழுதினால் முதல் ஸ்லைடு இல்லாமலும் நிற்கும்.

இனி கேப்ஷன். ஸ்லைடு எண்ணைச் சொல்லியே எழுதுவது எளிய வழி, ஏனென்றால் ஏற்கெனவே படங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே வருபவர் திரும்பிப் போய்ப் பார்க்க அது உதவும். அதே கிரைண்டருக்கு:

“மாவு வழிக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறதா? டிரம் சாயும் இந்தக் கிரைண்டரில் தூக்குகிற வேலை இல்லை. 2-ஆவது படத்தில் பாருங்கள்.

3: 2 லிட்டர் என்பது டிரம்மின் கொள்ளளவு, ஊற வைக்கும் அரிசியின் அளவு அல்ல. மாவு பொங்கி வழியாமல் இருக்க விளிம்புக்குக் கீழே இடம் விட வேண்டும்.

5: மோட்டார் 150 வாட். அரை மணி நேரம் அரைத்தால் ஆகும் மின்சாரம் 0.075 யூனிட். 13 முறை அரைத்தால்தான் ஒரு யூனிட்டை நெருங்கும்.

6: புதுக் கல்லில் தூள் இருக்கும். முதலில் கொஞ்சம் அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, கழுவிய பிறகு மாவு அரையுங்கள்.”

முதல் இரண்டு வாக்கியங்கள் `more` தொடுவதற்கு முன்பே கண்ணில் படும் பகுதி. அதனால்தான் பிரச்சினையும் தீர்வும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. 1, 2, 4 ஆகிய ஸ்லைடுகளுக்குக் கேப்ஷனில் தனிப் பத்தி கிடையாது, படமே சொல்லிவிடுகிறது. ஐந்தாவதில் 150 வாட் என்ற எண், மாதாந்திர பில்லில் வரும் யூனிட்டாக மாறியிருக்கிறது. ஒரு கிலோவாட் மணி நேரம் ஒரு யூனிட் என்பதால் 0.15-ஐ அரை மணியால் பெருக்கினால் கணக்கு சரியாக வரும். மூன்றாவதில் பொருளின் எல்லையும் ஒளிக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு லிட்டர் அரிசி போட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்ததாக வரும் புகாரை அந்த ஒரு வாக்கியம் தடுக்கும்.

நிபந்தனைகளை எங்கே வைப்பது என்பதில் சட்டமும் குறுக்கிடுகிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க இந்தியாவில் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரத்தில் சொல்லும் உறுதிமொழி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அதற்கான மறுப்புக் குறிப்பும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ஏழாவது ஸ்லைடில் கொட்டை எழுத்தில் “5 ஆண்டு வாரண்டி” என்று தமிழில் போட்டுவிட்டு, அது மோட்டாருக்கு மட்டும்தான் என்பதைக் கேப்ஷனின் கடைசியில் ஆங்கிலத்தில் தள்ளிவிடுவது இதற்கு ஒவ்வாது. “மோட்டாருக்கு 5 ஆண்டு வாரண்டி” என்று ஸ்லைடிலேயே எழுதினால் ஒரே ஒரு சொல்தான் கூடும்.

தமிழில் எழுதுபவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும். கேப்ஷனுக்கான உச்ச வரம்பு 2,200 எழுத்து. ஆனால் கணினி உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணுவதில்லை, மெய்க்கும் அதன் மேல் ஏறும் குறிக்கும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. ‘கிரைண்டர்’ கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 9. ஆகவே வரம்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

படத்தின் மேல் எழுதுவதற்கும் சில ஆபத்தான மூலைகள் உண்டு. கரோசலைப் பார்க்கும்போது வலது மேல் மூலையில் 1/7 என்பது போன்ற எண் தோன்றும். அங்கே எழுத்தை வைத்தால் அது மறைந்துபோகும். ப்ரொஃபைல் பக்கத்தில் படங்கள் ஓரம் வெட்டப்பட்டு வரிசையில் நிற்கக்கூடும், அதனால் முதல் ஸ்லைடின் வரியை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைப்பது நல்லது. படத்தில் பதித்த எழுத்து, பார்வையற்றவர்களின் திரை வாசிப்பானுக்கு எழுத்தாகக் கிடைக்காமல் போகலாம். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மாற்று உரை எழுத இன்ஸ்டாகிராமில் இடம் இருக்கிறது. ஸ்லைடு வாரியாக எழுதக் கிடைக்கும் அந்த ஒரே இடத்தைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் திறந்தே பார்ப்பதில்லை.

ஃபேஸ்புக்கில் காசு கொடுத்துப் போடும் கரோசல் விளம்பரத்தில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வொரு கார்டுக்கும் தனித் தலைப்பும் தனி இணைப்பும் தரலாம், எனவே ஸ்லைடு எண் சொல்லி எழுத வேண்டிய தேவை குறைகிறது. ஆனால் எந்தக் கார்டு நன்றாக எடுபடுகிறதோ அதை முன்னால் கொண்டுவந்து காட்டும் ஒரு தானியங்கி வசதி அதில் இருக்கிறது. சேலை, வளையல் என்று தனித்தனிப் பொருள்களைக் காட்டும் விளம்பரத்துக்கு அது நல்லது. கிரைண்டரைப் படிப்படியாக விளக்கும் விளம்பரத்தில் அதை அணைக்காமல் விட்டால் கல்லைப் பழக்கும் முறை முதலிலும் டிரம் சாய்வது கடைசியிலும் வந்து நிற்கலாம்.

போஸ்ட் சரியாக வேலை செய்கிறதா என்பதைக் கமெண்டுகளே காட்டிக் கொடுக்கும். ஏழாவது ஸ்லைடில் விலை பளிச்சென்று இருந்தும் “விலை என்ன?” என்று பலர் கேட்டால், அவர்கள் ஏழாவது வரை வரவில்லை. விலையைக் கேப்ஷனின் முதல் வரிக்கோ இரண்டாவது ஸ்லைடுக்கோ நகர்த்தலாம். “இது எத்தனை லிட்டர்?” என்ற கேள்வி வந்தால் மூன்றாவது படத்தின் எழுத்து சிறியதாக இருக்கிறதா என்று போனில் பார்க்க வேண்டும், டிசைன் செய்த கணினித் திரையில் பார்த்தால் தெரியாது. போடுவதற்கு முன்பே சோதிக்கவும் ஒரு வழி உண்டு. கேப்ஷனை மறைத்துவிட்டு ஏழு ஸ்லைடுகளை மட்டும் வெளியாள் ஒருவரிடம் காட்ட வேண்டும், பிறகு படங்களை மறைத்துக் கேப்ஷனை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை அவருக்குக் கிரைண்டர் எப்படி வேலை செய்கிறது என்பது புரிய வேண்டும், இரண்டாவது தடவை அதை வாங்கலாமா என்று முடிவு செய்யத் தேவையான விவரம் புதிதாகக் கிடைக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே செய்தி காதில் விழுந்தால், திருத்த வேண்டியது கேப்ஷன்தான்.