வரன் அறிமுகத்தில் எழுத வேண்டியதும் எழுதக் கூடாததும்

திருமணத் தகவல் தளங்களில் வயது, உயரம், படிப்பு, நட்சத்திரம், சம்பளம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்பி முடித்ததும் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பெரிய கட்டம் காலியாக நிற்கும். மற்றக் கட்டங்களில் அடங்காததைச் சொல்வதற்கான இடம் அது. ஆனால் ‘எளிமையானவர், பழக இனிமையானவர், பெரியவர்களை மதிப்பவர்’ என்ற வரிசைதான் பெரும்பாலும் அங்கே வந்து உட்காருகிறது.

இந்தச் சொற்களில் பொய் இல்லை. பெரியவர்களை மதிக்காதவர் என்று யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல். எல்லோருக்கும் பொருந்தும் சொல் ஒருவரையும் அடையாளம் காட்டாது. மகளுக்காக மாலை முழுவதும் வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அம்மா அந்த வரிகளைப் படிக்காமலே தாண்டிப்போய் விடுகிறார்.

ஓர் உதாரணம். ஓசூரில் வேலை பார்க்கும் 31 வயது இளைஞருக்கு அவருடைய அக்கா இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘பிரபல நிறுவனத்தில் உயர் பதவி. கைநிறையச் சம்பளம், சொந்த வீடு. எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத, அமைதியான, குடும்பப் பாங்கான பையன். நல்ல குணமுள்ள பெண் தேவை.’

பெண் வீட்டார் தொலைபேசியில் முதலில் கேட்பதே ‘தம்பி அங்கே என்னவா இருக்கார்?’ என்பதுதான். ‘ஷிப்ட் சூப்பர்வைசர்’ என்று பதில் வந்ததும் ‘உயர் பதவி’ சுருங்கிவிடுகிறது. சூப்பர்வைசர் வேலை மரியாதையான வேலை. மிகைப்படுத்தியதால்தான் அது குறைவாகத் தெரிகிறது. வீட்டுக்கு வங்கிக் கடன் இருப்பது அடுத்துத் தெரியவரும்போது, மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் படர்கிறது.

அதையே இப்படி எழுதலாம்: ‘தம்பிக்காக அக்கா எழுதுகிறேன். ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாக ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறான். மாதத்தில் ஒரு வாரம் இரவு ஷிப்ட் வரும். அப்பா இல்லை; அம்மா அவனோடு இருக்கிறார், கல்யாணத்துக்குப் பிறகும் இருப்பார். சொந்த வீடு, வங்கிக் கடனில் வாங்கியது. புது ஆட்களிடம் அதிகம் பேச மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவன் சமையல்தான். வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால் சந்தோஷம். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை என்றால் வசதி.’

இரவு ஷிப்டும் அம்மா உடன் இருப்பதும் சில குடும்பங்களுக்கு ஒத்துவராது. அவர்கள் இதைப் படித்ததும் விலகுவார்கள். பூவும் பழமுமாக வந்து போன பிறகு விலகுவதைவிட இது இரு வீட்டுக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ‘குடும்பப் பாங்கு’ செய்ய முடியாததைச் செய்கிறது: வீட்டு வேலையில் கைகொடுப்பவர் என்பதைப் புகழாமல் காட்டுகிறது. அக்கா எழுதுகிறார் என்று முதலிலேயே சொல்வதும் தேவை. தன்மையில் அக்கா எழுதிக் கொடுத்து, பேசும்போது தம்பி வேறு மாதிரி ஒலித்தால் நெருடும். ‘நல்ல குணமுள்ள பெண்’ என்ற எதிர்பார்ப்பு யாருக்கும் வழிகாட்டாது. வேலையும் ஊரும் சொன்னால் எதிரில் இருப்பவர் தனக்குப் பொருந்துமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

சம்பளத்தில் தெரியாமலே மிகை நுழைவதுண்டு. நிறுவனம் சொல்லும் ஆண்டு பேக்கேஜில் முதலாளி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி போன்றவையும் பல இடங்களில் சேர்ந்திருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வரும் தொகை மாதாமாதம் கைக்கு வராது. எந்தத் தொகையைச் சொல்கிறோம் என்று குறிப்பிட்டுவிட்டால் போதும்.

உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் அறிமுகத்திலேயே கொட்ட வேண்டியதில்லை. விவாகரத்து, முந்தைய திருமணம், குழந்தை ஆகியவை கட்டாயம் அங்கேயே இருக்க வேண்டும். கடன் தொகை, உடல்நலக் குறை போன்றவற்றை முதல் ஓரிரு பேச்சுகளில், பெண் பார்க்கும் நாள் குறிப்பதற்கு முன் சொல்லிவிடலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் அது மறைப்பதாகிவிடும். இந்து திருமணச் சட்டம், 1955-இன் 12-ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றிய முக்கியமான உண்மையில் மோசடி செய்து சம்மதம் பெறப்பட்டிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

நிறுவனத்தின் பெயர், தெரு, தொலைபேசி எண் ஆகியவை இந்தப் பகுதிக்கு உரியவை அல்ல. முன்பின் தெரியாதவர்கள் அவற்றைக் கொண்டு ஆளைத் தேடி வர முடியும். ஊரும் வேலையின் தன்மையும் தெரிந்தால் முதல் கட்டத்துக்குப் போதும். மற்றவற்றை இரு வீட்டாரும் பேசத் தொடங்கிய பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.