18 செ.மீ. தொட்டியில் எவ்வளவு மண் பிடிக்கும்?

கையால் வனைந்த பூந்தொட்டியைப் பார்சலில் விற்பவர்கள் பெரும்பாலும் “வாய் 18, உயரம் 16 செ.மீ.” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே வெளி அளவு. சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால் உள்வாய் 16 தான். கீழே குறுகி உள் அடி 12 ஆகிறது. தளத்தின் கனம் போக உள் ஆழம் பதினாலரை. இதில் இரண்டேகால் லிட்டர் மண்தான் பிடிக்கும். வெளி அளவை வைத்துக் கணக்குப் போட்டவரோ நாலு லிட்டர் எதிர்பார்த்திருப்பார். விற்பவருக்குச் சூத்திரமெல்லாம் வேண்டாம். துளையை அடைத்து, தண்ணீர் ஊற்றி அளந்து, லிட்டரை எழுதினால் போதும். ஈரமண் காய்ந்து வெந்து வரும்போது பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், ஒரே கை வனைந்த இரண்டு தொட்டிகளுக்குள் அரை சென்டிமீட்டர் முன்பின் இருக்கும். அதையும் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடியாய்ப் படியும் பூச்சு. அது எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். அடிப்பாகத்தில் பூசினால் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அங்கே வெறும் மண்ணாகவே விடுவார்கள். வாங்குபவர் அதைக் குறை என்று நினைப்பதுண்டு. உள்பக்கம் பூசியதா என்பதையும் கேளுங்கள். குறைந்த சூட்டில் வெந்த மண், உள்ளே பூச்சில்லாவிட்டால் நீரை உறிஞ்சும். நாளடைவில் அடியில் வெள்ளையாக உப்பு பூக்கும்.

துளை விஷயத்தில் “உண்டு” என்றால் போதாது. பென்சில் பருமனாவது இருக்க வேண்டும்; கிளேஸ் வழிந்து பாதி அடைத்திருக்கக் கூடாது. அடி சமதளமாக இருந்தால் துளை இருந்தும் பயனில்லை, தட்டில் உட்கார்ந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அடிவளையத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தால் தண்ணீர் வெளியேறும். துளையில்லாத தொட்டியை வாங்கி வீட்டில் துளைக்கலாம் என்பது துணிச்சல், பாதியில் விரிந்துவிடலாம்.

பயணத்தில் முதலில் அடிவாங்குவது விளிம்புதான். கூரான விளிம்பில் கிளேஸ் சில்லாகப் பெயரும், உருட்டி முடித்த விளிம்பு தாங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி அனுப்புவதுதான் பெரும்பாலான உடைசலுக்குக் காரணம் என்பேன். உள்ளே காகிதத்தைத் திணித்து, விளிம்பைத் தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாக, நாலு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை விட்டு, குலுக்கிப் பார்க்க வேண்டும். அசைந்தால் இன்னும் திணிக்க வேண்டும். வந்து சேர்ந்ததும் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பிறகு விரல் மூட்டால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தையாகக் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

நம் தொட்டிக்கான விவரம் இப்படி அமையும்: “உள்வாய் 16, வெளிவாய் 18, உயரம் 16 செ.மீ.; இரண்டேகால் லிட்டர். வெளியே பச்சைக் கிளேஸ், உள்ளும் அடியும் வெறும் மண். ஒரு துளை, 12 மி.மீ. அடிவளையத்தில் அரிசி அளவு சில்லு, படம் இணைத்துள்ளேன். வழியில் விளிம்பு பெயர்ந்தால், பெட்டியைப் பிரித்த அன்றே படம் அனுப்புங்கள்.”